பதில் வேண்டாம்டா: ஐ.சி.யூ. வாசலில் இருக்கும் நண்பருக்கு மூன்று வரி

நண்பரின் அப்பாவை ஐ.சி.யூ.வில் (தீவிர சிகிச்சைப் பிரிவு) சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறீர்கள். கை தானாகப் போனை எடுக்கிறது, வாட்ஸ்அப்பில் அவர் பெயரைத் தொட்டும் ஆகிவிட்டது. அதற்கு மேல் விரல் நகரவில்லை. என்ன எழுதுவது?

எனக்கும் அப்படித்தான் ஆனது. இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவன் அவன், பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். அவனுடைய அப்பாவுக்கு 71 வயது. காய்ச்சல் என்று படுத்தவருக்கு நிமோனியா (நுரையீரல் தொற்று) என்றார்கள். மூன்றாம் நாள் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் (மூச்சுவிட உதவும் இயந்திரம்) வைத்துவிட்டார்கள். அன்று நான் எழுதி, அனுப்பாமல் அழித்த செய்தியையும், பிறகு அனுப்பிய செய்தியையும் கீழே காட்டுகிறேன். அதற்கு முன்பு, அந்தச் செய்தியை வாசிக்கப்போகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிய வேண்டும்.

ஐ.சி.யூ. வாசலில் ஒரு நாள் எப்படிப் போகும்?

சாதாரண வார்டு மாதிரி கட்டில் பக்கத்தில் உட்கார முடியாது. பெரும்பாலான இடங்களில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்க்க விடுவார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், ஒரு ஆள். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, போனை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போய், சில நிமிடம் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். டாக்டர் பேசுவது தனி நேரம். மீதி நேரமெல்லாம் வெளியே நாற்காலி வரிசையில் காத்திருப்புதான்.

அந்தக் காத்திருப்பும் சும்மா இருப்பது அல்ல. கதவு திறந்து ஒரு பெயரைச் சொல்லி "அட்டெண்டர் வாங்க" என்றால், அந்தப் பெயர் தன்னுடையதாக இல்லாவிட்டாலும் நாலு பேர் எழுந்துவிடுவார்கள். மருந்துச் சீட்டு கொடுப்பார்கள். கீழே பார்மசிக்கு ஓட வேண்டும். பில்லிங் கவுண்டரில் இன்னும் முன்பணம் கட்டச் சொல்வார்கள். ஸ்கேன் எடுக்க ஒரு கையெழுத்து கேட்பார்கள். உங்கள் செய்தி வாசிக்கப்படுவது இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான். லிப்ட் வருவதற்குள், அல்லது பார்மசி வரிசையில் டோக்கன் வருவதற்குள். மூன்று வரிக்கு மேல் அங்கே இடம் கிடையாது.

போன் பண்ணிவிடலாமே, அதுதானே பாசம்?

நம் ஊரில் அப்படித்தான் பழக்கம். ஆனால் ஐ.சி.யூ. வாசலில் போனுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. உள்ளே ஏதாவது என்றால் மருத்துவமனை கூப்பிடுவது அட்டெண்டர் கொடுத்த எண்ணைத்தான். அதனால் ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அவருக்கு ஒரு கணம் நெஞ்சு நின்று போகும். எடுத்துப் பார்த்தால் "என்னடா ஆச்சு?" என்று நீங்கள்.

வயதானவர்கள் வீட்டில் தந்தி வந்த காலத்தைக் கேட்டுப் பாருங்கள். தந்திச் சேவகன் தெருவில் நுழைந்தாலே பிரிப்பதற்கு முன்பே அழுகை ஆரம்பிக்கும். "பாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி" என்ற வாசகம் அந்த அளவுக்குப் பிரசித்தம். (லீவு வாங்குவதற்காகவே அப்படி ஒரு தந்தியை வரவழைத்தவர்களும் உண்டு.) 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடிவிட்டார்கள். அந்தப் பயம் மட்டும் இடம் மாறி, அகால நேரத்தில் அதிரும் போனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கூப்பிடாதீர்கள், எழுதுங்கள். எழுதுவதையும் இரவு பதினொன்றுக்கு மேல், விடிவதற்கு முன் அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் "டிங்" என்ற சின்னச் சத்தமும் அவரைத் தூக்கிப் போடும். மாலைப் பார்வை நேரம் முடிந்து, ஒரு டீ குடிக்க அவர் கீழே இறங்கும் ஏழரை, எட்டு மணி நல்ல நேரம்.

குரல் பதிவு அனுப்பலாமா? உங்களுக்குச் சுலபம், அவருக்குக் கஷ்டம். ஹாலில் பத்துப் பேர் நடுவே அதைச் சத்தமாகப் போட முடியாது. முக்கியமான வரி எங்கே இருக்கிறது என்று தேடவும் முடியாது. இரண்டு நிமிடம் முழுக்கக் கேட்டாக வேண்டும்.

இப்போது நான் அழித்த செய்தி:

"டேய், இப்பதான் விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப ஷாக்கா இருக்கு, நம்பவே முடியல. என்ன ஆச்சு? டாக்டர் என்ன சொல்றாங்க? எவ்வளவு நல்ல மனுஷர்டா, என்கிட்ட எவ்வளவு பாசமா இருந்தார்! நீதான் தைரியமா இருக்கணும், அம்மாவுக்கு வேற யார் இருக்கா? எங்க பெரியப்பாவும் இப்படித்தான் வென்டிலேட்டர்ல இருந்தார். கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியா முடியும். எது வேணும்னாலும் தயங்காம கேளு."

படித்தால் நல்ல மனதோடு எழுதியதாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அனுப்புவதற்கு முன், அவன் லிப்ட் வாசலில் நின்று இதைப் படிப்பதாக நினைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி இடித்தது.

முதல் இரண்டு வாக்கியங்களும் என்னைப் பற்றியவை. எனக்கு ஷாக், என்னால் நம்ப முடியவில்லை. அப்பா உள்ளே இருப்பவன் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், எனக்குத்தான் அவன் ஆறுதல் சொல்ல வேண்டும்.

அடுத்து இரண்டு கேள்விகள். கேள்வி என்றாலே பதில் கடன். "டாக்டர் என்ன சொல்றாங்க" என்று கேட்பது நான் ஒருவன் அல்ல. சித்தப்பா, அத்தை, ஆபீஸ், பள்ளிக்கூட நண்பர்கள் என்று நாற்பது பேர் கேட்கிறார்கள். மேலும் அதற்கு நிலையான பதில் கிடையாது. வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவதில்லை. கிருமிக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்யும் வரை நுரையீரலுக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், மயக்க மருந்தைக் குறைத்து, அவராக மூச்சு விடுகிறாரா என்று டாக்டர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். இன்று முடியவில்லை என்றால் நாளை. அதனால்தான் "ஸ்டேபிளா இருக்கார்" என்ற சொல்லோடு டாக்டர் நிறுத்திக்கொள்வார். நாம் அதை "தேறிவிட்டார்" என்று எடுத்துக்கொள்கிறோம். அவர் சொல்வது, இந்த நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை என்பதை மட்டுமே. "எப்ப எடுப்பாங்க?" என்று நீங்கள் கேட்டால், டாக்டருக்கே தெரியாத ஒன்றை நண்பர் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு "பாசமா இருந்தார்". என் விரல் அங்கேதான் நின்றது. பாராட்டத்தான் எழுதினேன். ஆனால் "இருந்தார்" என்ற சொல் ஆளை முடித்துவிட்டது. தமிழில் இது மிக நுண்ணிய இடம். "நல்ல மனுஷர்" என்று வினைச்சொல் இல்லாமல் விட்டால் அவர் இருக்கிறார். "வாசல்ல பார்த்தா எப்பவும் காபி குடிச்சியாப்பான்னு கேட்பார்" என்றால் நாளையும் கேட்பார். அதையே "கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றால் இனிமேல் கேட்க மாட்டார். அனுப்பும் முன்பு செய்தியில் "இருந்தார்", "இருந்தாங்க" எங்கே வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"நீதான் தைரியமா இருக்கணும்" என்பது ஆறுதல் மாதிரி தெரிந்தாலும் உத்தரவு. பில், மருந்து, அம்மா, தங்கை என்று ஏற்கெனவே எல்லாம் அவன் தோளில். அதன் மேல் அழக்கூடாது என்ற ஒன்றையும் ஏற்றுகிறேன்.

பெரியப்பா கதை எதற்கு? அவர் பிழைத்தார் என்று சொன்னால் ஒப்பீடு. பிழைக்கவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். என் பெரியப்பா என்ன ஆனார் என்று அந்தச் செய்தியில் நான் சொல்லவே இல்லை. படிக்கிறவன் மனம் எந்தப் பக்கம் போகும்?

"நல்லபடியா முடியும்" என்பதிலும் "முடியும்" இருக்கிறது. சாதாரண நாளில் யாரும் கவனிக்காத சொல். ஐ.சி.யூ. வாசலில் எல்லாச் சொல்லும் கவனிக்கப்படும். தவிர, எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பது?

கடைசியாக "எது வேணும்னாலும் கேளு". எல்லோரும் உண்மையாகவே சொல்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் யோசித்து, தேர்ந்தெடுத்து, கூச்சத்தை விட்டுக் கேட்கும் வேலை முழுவதையும் அவனிடம் தள்ளுகிறது. இந்த வாக்கியத்தை நம்பி யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, எதைத்தான் அனுப்பினீர்கள்?

"பதில் போட வேண்டாம்டா. அப்பா ஐ.சி.யூ.ல இருக்கார்னு தெரிஞ்சுது, உன் நினைப்பாவே இருக்கேன். ராத்திரி 8 மணிக்கு இட்லியும் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் கீழ செக்யூரிட்டிகிட்ட உன் பேர் சொல்லி வெச்சுட்டுப் போறேன். முடியறப்ப எடுத்துக்கோ."

இவ்வளவுதான். இதில் நான்கு காரியம் நடக்கிறது.

"பதில் வேண்டாம்" என்பது முதலிலேயே வருகிறது. காரணம் உண்டு. போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது செய்தியின் முதல் சில சொற்கள்தான். "ஒரு விஷயம் கேள்விப்பட்டேன்..." என்று ஆரம்பித்தால் திறந்து பார்க்கிற வரை பதற்றம். "பதில் போட வேண்டாம்" என்று தெரிந்தால் திறக்காமலேயே மூச்சு விடலாம். நீல டிக் விழுந்தும் பதில் சொல்லவில்லையே என்ற குற்ற உணர்வும் இருக்காது.

"உன் அப்பா" என்று எழுதவில்லை, "அப்பா" என்று எழுதினேன். நண்பனின் அப்பாவை அப்பா என்று சொல்வதுதான் நம் வழக்கம். "உன்" சேர்ந்தால் ஏதோ விசாரணைக்கு வந்தவர் மாதிரி ஆகிவிடும். நீங்கள் அவரை மாமா, அங்கிள், சார் என்று கூப்பிடுபவராக இருந்தால் அதையே எழுதுங்கள். புதிதாக உறவு கொண்டாட வேண்டாம்.

"உன் நினைப்பாவே இருக்கேன்" என்ற ஒரு துண்டுதான் உணர்ச்சிக்கு. போதும்.

கடைசியில் உதவி. அது கேள்வியாக இல்லை, ஏற்கெனவே முடிவான செய்தியாக இருக்கிறது. என்ன, எத்தனை மணிக்கு, எங்கே என்பது எல்லாம் அதிலேயே இருக்கிறது. அவன் இறங்கி வந்து என்னைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

"அனுதாபம்" என்ற சொல்லைப் போடலாமா?

போடாதீர்கள். அகராதியில் அனுதாபம் என்றால் பிறர் துன்பத்தில் பங்குகொள்வதுதான். ஆனால் நம் சுவரொட்டிகளும் செய்தித்தாள்களும் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்பதை இறந்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. "இரங்கல்" அதைவிட மோசம். "ஆறுதல்" கொஞ்சம் பொது. ஆனாலும் "ஆறுதல் சொல்ல வந்தேன்" என்று சொன்னால் பலருக்கு இழவு வீடுதான் நினைவுக்கு வரும். இந்தச் சமயத்துக்கென்று நம்மிடம் தனிச்சொல் இல்லாதது ஒரு குறைதான். பெயரே வைக்காமல் எழுதிவிடுங்கள்.

மோசமான தகவல் காதில் விழுந்தாலும், குடும்பத்தார் வாயால் வராத வரை ஒரு சொல்லும் எழுதாதீர்கள். 2016 டிசம்பர் 5 மாலை, ஜெயலலிதா அப்பல்லோவில் இருந்தபோது, சில தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டன. கட்சித் தலைமையகத்தில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏற்றினார்கள். அன்றிரவு 11.30 மணிக்கு இறந்தார் என்பது அதிகாரபூர்வமாக வந்தது அதற்குப் பிறகு. ஒரு மாநிலமே அப்படித் தடுமாறியபோது, தெருமுனையில் யாரோ சொன்னதைக் கேட்டு வாட்ஸ்அப்பில் போடுவதற்கு எவ்வளவு நேரமாகும்?

குரூப்பில் போட்டு எல்லோரையும் பிரார்த்திக்கச் சொல்லலாமா?

கேட்காமல் செய்யாதீர்கள். அப்பாவின் உடல்நிலை நண்பர் வீட்டு விஷயம். அதோடு, நீங்கள் போட்ட ஐந்தாவது நிமிடம் அறுபது பேர் அவருக்குக் கைகூப்பிய படம் அனுப்புவார்கள். அத்தனையும் "டிங்".

ஆனால் குரூப் விஷயத்தில் உண்மையான ஒரு உதவி செய்யலாம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் 5 அன்று கொரோனாவோடு சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் சேர்ந்தார். நிலை மோசமாகி ஐ.சி.யூ.வுக்குப் போனார், செப்டம்பர் 25 அன்று காலமானார். இடைப்பட்ட வாரங்களில் அவருடைய மகன் சரண் அவ்வப்போது சிறு வீடியோ வெளியிட்டு நிலவரம் சொல்லிவந்தார். அப்பாவுக்குக் கொரோனா நெகட்டிவ் ஆகிவிட்டது என்று ஆகஸ்ட் 24 அன்று ஒரு செய்தி பரவியபோது, அது உண்மையில்லை என்று அவரே வந்து சொல்ல வேண்டியிருந்தது. அப்பா வென்டிலேட்டரில் இருக்கும்போது, நல்ல செய்தி ஒன்றை இல்லை என்று மறுக்கும் வேலையும் ஒரு மகனுக்கு வந்து சேர்ந்தது.

உங்கள் நண்பர் பிரபலமானவர் இல்லை. ஆனாலும் நாற்பது பேருக்குப் பதில் சொல்பவர்தான். அந்த இடத்தில் நீங்கள் நிற்கலாம்: "நம்ம குரூப்புக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உனக்குத் தோணும்போது எனக்கு ஒரு வரி போடு, மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். யாரும் உன்னைக் கூப்பிடாம பாத்துக்கறேன்." என் நண்பன் அதிகமாக நன்றி சொன்னது இதற்குத்தான், இட்லிக்கு அல்ல.

பாலசுப்ரமணியம் மருத்துவமனையில் இருந்த அந்த ஐம்பது நாளில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது இளையராஜா வெளியிட்ட சின்ன வீடியோ. மேடைப் பேச்சு எதுவும் இல்லை. பாலு, சீக்கிரம் எழுந்து வா, உனக்காகக் காத்திருக்கிறேன் என்ற பொருளில் நண்பனை நேரே கூப்பிட்டுப் பேசினார். உடல்நிலை விசாரணை இல்லை, தைரியம் சொல்லவில்லை. அவருடைய நட்பு அத்தனை பழையது, அதனால் அது அவருக்குச் செல்லும். ஆனால் சுருக்கமாக, நிகழ்காலத்தில், பெயர் சொல்லிப் பேசியது எல்லோரும் எடுத்துக்கொள்ளக் கூடியது.

என்ன உதவி என்று சொல்வது?

அவர் வீட்டை நினைத்துப் பாருங்கள். மருத்துவமனையை அல்ல. எங்கள் பக்கம் என்றால், காலையில் மோட்டார் போட்டு மேல்தொட்டி நிரப்ப ஆள் இல்லை. வாசலில் ஆவின் பால் பாக்கெட் வெயிலில் கிடக்கிறது. அம்மா காலையிலிருந்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், மாலையில் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் பெருங்களத்தூர் நெரிசலில் ஆட்டோ கிடைப்பது எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆகவே, "ஆறரைக்கு பைபாஸ் பக்கம் வண்டியோட நிக்கறேன், அம்மாவை வீட்டுல விட்டுடறேன். வேண்டாம்னா மட்டும் சொல்லு" என்று எழுதலாம். கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். சரி என்றால் அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வேண்டாம் என்றால்தான் பதில். நம் ஊரில் கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்படுபவர்கள், வருவதைத் தடுப்பதற்கும் கூச்சப்படுவார்கள். அது இங்கே உங்களுக்குச் சாதகம்.

ரத்தம் தேவைப்படலாம் என்று தெரிந்தால் முழு விவரத்தோடு சொல்லுங்கள். "என் ரத்தம் ஓ பாசிட்டிவ், கடைசியா குடுத்து நாலு மாசம் ஆச்சு, எப்ப கூப்பிட்டாலும் வரேன்." ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் அடுத்து மூன்று மாதமும், பெண்கள் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும் என்பது விதி, வயது 18 முதல் 65 வரை. இந்தக் கணக்கை நீங்களே பார்த்துவிட்டு எழுதினால், ரத்த வங்கிக்குப் போய் நின்ற பிறகு "சார், நீங்க குடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பும் நிலை வராது.

பணமா? கேட்காதீர்கள், வாக்கும் கொடுக்காதீர்கள். முடிந்ததை அனுப்பிவிட்டு ஒரு வரி: "ஜி பேல கொஞ்சம் போட்டிருக்கேன். இதைப் பத்தி இப்ப பேச்சே வேணாம்."

நெருங்கிய நண்பர் இல்லை, ஆபீஸ் பழக்கம் மட்டும் என்றால்?

இன்னும் சுருக்குங்கள். "டா" வேண்டாம், வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படி. "சார், அப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டேன். இந்த வாரம் உங்க வேலையை நானும் பக்கத்து சீட்டுக்காரரும் பாத்துக்கறோம். லீவு விஷயம் மேனேஜர்கிட்ட பேசியாச்சு. பதில் வேண்டாம் சார்." ஆபீஸ்காரர் ஒருவரால் கொடுக்க முடிந்த பெரிய ஆறுதல் அந்த லீவுதான்.

கடவுளைப் பற்றி எழுதலாமா? அவர் நம்பிக்கை உங்களுக்குத் தெரிந்தால் எழுதலாம். மேரி மாதா படம் வைத்திருப்பவருக்கு "ஜெபத்துல நினைச்சுக்கறேன்", தொழுகைக்குப் போகிறவருக்கு "துஆ செய்யறேன்", மாங்காடு போகிறவருக்கு "அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன்". "கடவுள் விட்ட வழி" மட்டும் வேண்டாம். அது கைவிட்டவர்கள் சொல்வது.

"வயசு என்ன?" என்றும் கேட்காதீர்கள். நம்மவர்கள் உடனே கேட்கும் கேள்வி இது. எண்பத்து நான்கு என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு தளர்வு தெரியும். அறுபது என்றால் ஒரு "அடடா". துக்கத்தை அளக்கும் கணக்கு அது. எண்பத்து நான்கிலும் அது அவருடைய அப்பாதான்.

முதல் செய்தி போய்விட்டது. அடுத்து?

முதல் இரண்டு நாள் எல்லோரும் எழுதுவார்கள். ஐந்தாம் நாள் போன் அமைதியாகிவிடும். ஆனால் ஐ.சி.யூ.வில் கடினமான நாட்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கலாம். ஒன்றிரண்டு வாரம் ஆகியும் வென்டிலேட்டரை எடுக்க முடியவில்லை என்றால் டிரக்கியோஸ்டமி (தொண்டையில் சிறு துளையிட்டுக் குழாய் வைப்பது) பற்றி டாக்டர் பேசுவார். "தொண்டையில ஓட்டை போடறாங்களாம்" என்று நண்பர் உடைந்து போகலாம். வாய் வழியாகப் போகும் குழாயை நீண்ட நாள் வைத்திருப்பதைவிட இது நோயாளிக்குச் சௌகரியம் என்பதற்காகச் செய்வது. பலருக்குப் பிறகு அதை எடுத்தும் விடுவார்கள். இதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாடம் எடுக்காதீர்கள். அவர் கேட்டால் ஒழிய, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமே என்றும் சொல்லாதீர்கள். வென்டிலேட்டரில் இருப்பவரை இடம் மாற்றுவது எளிதான காரியம் அல்ல. அந்த யோசனை ஏற்கெனவே அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

மயக்க மருந்து குறையும்போது டெலிரியம் (நோயும் மருந்தும் சேர்ந்து உண்டாக்கும் மனக்குழப்பம்) வருவதும் ஐ.சி.யூ.வில் சகஜம். எட்டாம் நாள் என் நண்பன் தானாகவே ஒரு வரி போட்டான்: "அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியலடா." அரை மணி நேரம் யோசித்துவிட்டு நான் எழுதியது: "படிச்சேன்டா. கஷ்டமா இருக்கு. வெளிய பெஞ்சுல இருக்கேன், நீ வரலைன்னாலும் ஒன்பது வரைக்கும் இருப்பேன்." விளக்கம் சொல்ல வேண்டியது டாக்டர். மறுநாள் அவர் சொன்னார்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒரு செய்தி போதும். அதிலும் நலம் விசாரிக்க வேண்டும் என்றில்லை. "மோட்டார் போட்டாச்சு. பூச்செடிக்குத் தண்ணி ஊத்திட்டேன்" என்பதும் செய்திதான். ஐ.சி.யூ. வாசலில் இருப்பவருக்கு, தன் வீடு இன்னும் வீடாகவே இருக்கிறது என்பது தெரியும்.

பதிலே வரவில்லை என்றால்?

வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள், எதிர்பார்க்காதீர்கள். எனக்குப் பதினோராம் நாள் காலையில் ஒன்று வந்தது. அப்பாவின் குழாயை எடுத்து ஒரு நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"டேய், பிளாஸ்க் மூடியை எங்கயோ தொலைச்சுட்டேன்."